ஒரு சொல்லுக்குள் இரண்டு 'நான்'

தன்வரலாற்றில் 'நான்' என்ற சொல் இருவரைக் குறிக்கிறது. ஒருவர் அன்று அந்த நிகழ்ச்சியை வாழ்ந்தவர். மற்றவர் பல ஆண்டுகள் கழித்து அதை எழுதுபவர். லியோ ஸ்பிட்சர் 1928இல் புரூஸ்தின் நடையை ஆராய்ந்தபோது இவர்களைச் 'சொல்லும் நான்' என்றும் 'அனுபவிக்கும் நான்' என்றும் பிரித்தார். 1978இல் டோரிட் கோன் அடுத்த கேள்விக்கு நகர்ந்தார்: சொல்பவர் பழைய மனத்திலிருந்து விலகி நின்று எடைபோடுகிறாரா, அதனுள்ளே கரைந்துவிடுகிறாரா? அவர் எடுத்துக்கொண்டது புனைகதையைத்தான். ஆனாலும் தன்வரலாற்றைப் படிக்க இதைவிடக் கூரிய கேள்வி இல்லை.

விலகி நிற்பதற்குக் காந்தியின் சத்திய சோதனை நல்ல சான்று. நோயாளித் தந்தையின் கால்களைப் பிடித்துவிட்டுத் தம் அறைக்குப் போன 16 வயதுப் பையனை, சில நிமிடங்களில் வேலைக்காரர் கதவைத் தட்டி அழைக்கிறார். தந்தை இறந்துவிட்டார். அந்தக் கணத்தின் வெட்கம் பையனுடையது. அது வாழ்நாள் முழுதும் அழியாத கறை என்ற தீர்ப்பு, சுமார் 40 ஆண்டுகள் கழித்து எழுதியவருடையது. வாழ்ந்து பார்க்காத பையனால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

ஃபிராங்க் மெக்கோர்ட் கரைந்துபோகும் வழியை எடுத்தார். 1996இல் வந்த 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' நூலைப் பெரியவரின் குரலில் தொடங்கி, விரைவில் நிகழ்காலத்தில் பேசும் சிறுவனிடம் ஒப்படைக்கிறார். ஆனி எர்னோ இதற்கு நேர் எதிர்த்திசையில் போனார். 2016இல் வெளியான நூலில், 1958 கோடையில் இருந்த தம்மை 'அவள்' என்றே எழுதினார். 'நான்' என்பதை எழுதும் கைக்கு மட்டும் வைத்துக்கொண்டார்.

தமிழில் இரு குரலும் குழம்பும் இடம் பெரும்பாலும் 'உணர்ந்தேன்' என்ற வினைதான். எட்டு வயது நினைவு ஒன்றை இப்படி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம்: "அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். குடும்பம் கடனில் மூழ்குவதை உணர்ந்தேன்." உணர்ந்தது யார், எப்போது? எட்டு வயதுக்கு அந்த வாக்கியம் வராது. பிரித்து எழுதினால் இப்படி வரும்: "அம்மா கையில் சோப்பு போட்டு வளையலை உருவினாள். எனக்கு வேடிக்கையாக இருந்தது. அடகுக்கடை என்று ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது." முதல் இரண்டு வாக்கியங்களில் இருப்பது குழந்தை கண்டதும் அதற்குத் தோன்றியதும். மூன்றாவது, எழுதுபவருடையது. தனக்கு எது தெரியாது என்பதைக் குழந்தையால் சொல்ல முடியாது. 'தெரியாது' என்ற சொல்லே பெரியவரின் கையெழுத்து.

சிறுவனின் குரலும் பெரியவர் கட்டியதுதான். மெக்கோர்ட்டின் நூல் வந்தபோது அவருக்கு வயது 66. எனவே கலப்பே இல்லாத பழைய குரலை யாராலும் மீட்க முடியாது. ஆனால் இன்றைய அறிவை அன்றைய குழந்தையின் தலையில் ஏற்றாமல் இருக்க முடியும். கைப்பிரதியை அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு 'உணர்ந்தே'னின் பக்கத்திலும் அன்றைய வயதைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். வயதுக்குப் பொருந்தாததை இன்றைய 'நா'னிடம் கொடுத்துவிடுங்கள்.