அரைக் காலுக்கு முழு நடை

ஒரே அனிமேஷன் கிளிப்பைப் பல உருவங்களுக்குப் பகிரும் முறைகளை எடைபோடுபவர்கள், பாதம் மிதக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அது தேவையான சோதனை. போதுமான சோதனை அன்று. ஊன்றிய பாதம் ஊன்றிய இடத்திலேயே நிற்க வேண்டும், மூல அசைவின் தோரணை சிதையக்கூடாது, நடையின் வேகம் அந்த உடலுக்கு ஒத்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்தே ஒரு முறையை அளக்க வேண்டும்.

அளப்பதற்கு ஓர் உதாரணத்தை நிறுத்திக்கொள்வோம். மூல உருவம் 180 செ.மீ. உயரம். தொடை 42, கெண்டைக்கால் 42, கணுக்கால் தரையிலிருந்து 8. நிமிர்ந்து நிற்கையில் இடுப்பு 92 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதன் அசைவைப் பெறப்போவது தடித்த பூட்ஸ் அணிந்த ஒரு குள்ளன். தொடை 24, கெண்டைக்கால் 18, கணுக்கால் அதே 8. இடுப்பு 50 செ.மீ. கிளிப்பில் மூல உருவம் குந்துகிறது: இடுப்பு 92-லிருந்து 62-க்கு இறங்குகிறது, தொடை செங்குத்திலிருந்து சுமார் 50 பாகை முன்னே சாய்கிறது, கெண்டைக்கால் அதே அளவு பின்னே மடிகிறது.

மூட்டுகளின் சுழற்சியை அப்படியே நகலெடுப்பதில் இங்கே ஒப்பிடும் முறைகள் எல்லாமே ஒன்றுபடுகின்றன. தோரணையைக் காப்பதும் அதுதான். இடுப்பின் இடப்பெயர்ச்சியை என்ன செய்வது என்ற கேள்வியில்தான் அவை பிரிகின்றன. அன்ரியல் எஞ்சின் ஒவ்வொரு எலும்புக்கும் தரும் தேர்வுகளில் மூன்றை இங்கே ஒப்பிட்டால் பிரச்சினையின் முழு வடிவமும் தெரிந்துவிடும்.

முதலாவது `Animation`. கிளிப்பில் பதிந்த இடுப்பு உயரத்தை மாற்றாமல் எடுத்துக்கொள்வதால், குள்ளன் நிற்கும்போதே தரைக்கு 42 செ.மீ. மேலே தொங்குகிறான். பிழை பெரியது, ஆனால் யார் கண்ணுக்கும் உடனே தெரியும் என்பதால் ஆபத்து குறைவு. இரண்டாவது `Skeleton`. இது குள்ளனின் சொந்த இடுப்பு உயரமான 50-ஐப் பிடித்துக்கொள்கிறது. நிற்கும் காட்சி சரியாக அமைந்துவிடுவதால், அவசரக்காரர்கள் இங்கேயே வேலையை முடித்துவிடுவார்கள். குந்தும்போது கால் மடிகிறது, இடுப்போ இறங்குவதில்லை; கால்கள் 15 செ.மீ. மேலே இழுபடுகின்றன. நடையில் இதே பிழை இடுப்பின் ஏற்ற இறக்கத்தை விழுங்கி, உடல் எடையற்றதுபோலக் காட்டும்.

மூன்றாவதான `Animation Scaled` இரண்டையும்விட மேல். இடுப்பின் நகர்வை இரு எலும்புக்கூடுகளின் விகிதத்தால், அதாவது 50-ஐ 92-ஆல் வகுத்த 0.543-ஆல், பெருக்குகிறது. குந்திய இடுப்பு 33.7 செ.மீ.க்கு வருகிறது. மடிந்த காலின் செங்குத்து நீளம் 27. கணுக்கால் இருக்க வேண்டிய உயரம் 8, கிடைப்பதோ 6.7. மிதப்பு நீங்கிற்று; பாதம் இப்போது தரைக்குள் 1.3 செ.மீ. புதைகிறது.

இந்த எச்சத்தைச் சிறிது என்று ஒதுக்கக் கூடாது. இதன் காரணம் அளவையில் இருக்கிறது. மடிந்து நீள்வது இடுப்புக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி மட்டுமே. கணுக்காலுக்குக் கீழே உள்ள 8 செ.மீ. இரு உருவங்களிலும் மாறவில்லை. ஆகவே விகிதத்தைத் தரையிலிருந்து எடுத்ததே தவறு. கணுக்காலிலிருந்து எடுத்தால் 42-க்கு 84, சரியாக 0.5. மூல இடுப்பு இறங்கிய 30 செ.மீ. இங்கே 15 ஆகிறது, 50-லிருந்து 35. கணுக்கால் மிகச் சரியாக 8-இல் நிற்கிறது. ஐகே எதுவும் இல்லாமலே செங்குத்துப் பிழை தீர்ந்துவிடுகிறது.

விகிதத்தால் தீராத பிழை ஒன்று மிஞ்சுகிறது. மூலத்தின் தொடையும் கெண்டைக்காலும் சமம். குள்ளனின் தொடை கெண்டைக்காலைவிட 6 செ.மீ. நீளம். அதே கோணங்களில் மடியும்போது அவன் பாதம் 4.6 செ.மீ. முன்னே வழுக்குகிறது. ஐகேயின் நியாயமான இடம் இதுவே: ஊன்றிய பாதத்தின் இலக்கைக் குறித்துக்கொடுத்து, முழங்காலை அதற்கேற்ப மடிக்கச் சொல்வது. அன்ரியல் 5-இன் ஐகே ரீடார்கெட்டரும், யூனிட்டியின் `Foot IK` தேர்வும் தத்தம் வழியில் இதைச் செய்கின்றன.

ஆனால் ஐகேயையே முதல் மருந்தாக்குபவர்கள் முழங்காலைப் பலிகொடுக்கிறார்கள். இந்தக் குள்ளனின் கால் முழுதும் நீண்டால் 42 செ.மீ. இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு உள்ள தூரம் வெறும் அரை செ.மீ. குறைந்தாலே முழங்கால் 18 பாகை மடியும். அடுத்த அரை செ.மீ.க்கோ 7 பாகைதான். கால் நேராகும் எல்லைக்கு அருகே ஒரு சிறு திருத்தம்கூட முழங்காலை வெடுக்கென்று உதற வைக்கும். கோவார், ஷ்ரைனர், கிளைகர் மூவரும் 2002-இல் வெளியிட்ட பாத வழுக்கல் திருத்த முறையில் எலும்பு நீளமே சிறிது மாற இடம் கொடுத்தது இந்த உதறலைத் தவிர்க்கத்தான். இடுப்பை முதலில் சரியான உயரத்தில் வைத்தால் ஐகேயிடம் போகும் வேலை குறையும், அந்த எல்லையை முட்டும் தருணங்களும் குறையும். ஐகேயை அணைத்துவிட்டுக் கிளிப்பை ஓட்டிப் பார்ப்பது இதற்கு நல்ல சோதனை: அப்போது பாதம் சிறிதளவே விலகினால் அடித்தளம் சரி, கால் அளவில் பெரும்பங்கு விலகினால் தவறான விகிதத்தை ஐகே மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் அளவுகோலான வேகத்தில்தான் பெரும்பாலான பணிகள் தோற்கின்றன. மூல உருவம் வினாடிக்கு 150 செ.மீ. நடந்தால், 0.5 விகிதத்தில் குள்ளன் 75 செ.மீ. நடப்பான். விளையாட்டு அவனை 150-இலேயே இழுத்துச் சென்றால், எவ்வளவு நேர்த்தியாக ஊன்றிய பாதமும் வழுக்கும். கிளிப்பை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் வழுக்கல் நிற்கும், நடை பதறும். உயிரியக்கவியலில் வெவ்வேறு அளவு உடல்களின் நடையை ஒப்பிடப் பயன்படும் ஃப்ரூட் எண் இதற்கு நடுநிலையான விடை தருகிறது: ஒத்த நடைக்கு வேகம் கால் நீளத்தின் வர்க்கமூலத்தோடு மாறும். அதன்படி குள்ளனின் இயல்பான வேகம் சுமார் 106 செ.மீ.; கிளிப்பை 1.41 மடங்கில் ஓட்டினால் போதும். அதற்கு மேல் வேகம் கேட்பது வடிவமைப்பாளரின் உரிமை. அந்த வேகத்துக்கு ஓட்டக் கிளிப்பைக் கொடுப்பதும் அவர் கடமை.

பகிர்தலுக்கு ஓர் எல்லையும் உண்டு. 45 செ.மீ. நாற்காலி குள்ளனுக்காகக் குறுகாது, படிக்கட்டும் குறுகாது. உலகின் அளவோடு கட்டுண்ட அசைவில் விகிதம் சரியாக இருந்தாலே உட்காரும் இடம் தவறிப்போகும். கிளைகர் 1998-இல் வைத்த கோட்பாடு, தொடுகைகளைக் கட்டுப்பாடுகளாக எழுதி முழு அசைவையும் ஒருசேரத் தீர்ப்பது, இத்தகைய இடங்களில் இன்றும் கருத்தளவில் மேலானது. ஆனால் கிளிப் முழுவதும் முன்கூட்டியே கைவசம் இருந்தாக வேண்டும் என்பதால், நொடிக்கு நொடி கட்டளை மாறும் விளையாட்டுக்கு அது அப்படியே பொருந்தாது.

ஆகவே தீர்ப்பு இது. நடை, ஓட்டம், குந்தல், கையசைவு ஆகியவற்றைக் கால் நீளம் பாதியான உருவத்துக்கும் பகிரலாம். ஆனால் வரிசை மாறக்கூடாது. சுழற்சி நகல் முதலில், கணுக்காலிலிருந்து எடுத்த விகிதத்தில் இடுப்பு அடுத்து, வர்க்கமூலத்தில் வேகம் அதன்பின், எஞ்சியதற்கு மட்டும் ஐகே. நாற்காலி, படி, ஏணி போன்றவற்றுக்குத் தனிக் கிளிப் எழுதும் செலவைத் தவிர்க்கக் கூடாது. பாதம் தரையில் இருந்தும் முழங்கால் உதறினாலோ நடை பதறினாலோ அந்தப் பணி இன்னும் தேறவில்லை.