இரண்டாவது சரணத்தைக் கேளுங்கள்

எட்டு வயசுப் பெண் ஜிகினா பாவாடையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'மாமன் இன்னும் வரலையே' என்கிற தினுசில் உதடசைத்து ஆடும்போது, முன்வரிசையில் சீஃப் கெஸ்ட் கைக்குட்டையைத் தேடுகிறார். பெற்றோர்கள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாக்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். டீச்சரைத் திட்டிப் பயனில்லை. அவர் பல்லவியை மட்டும் கேட்டுவிட்டு 'ஜாலியா இருக்கு, போட்டுரலாம்' என்று முடிவு செய்திருப்பார். சினிமாப் பாட்டில் பல்லவி என்பது வாசல் கோலம் மாதிரி. வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் இரண்டாவது சரணத்தில்தான் தெரியும்.

சரி, கெட்ட வார்த்தையோ காதலோ இல்லாவிட்டால் போதுமா? போதாது. 1965-ல் வந்த 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் எம்.எஸ்.ராஜேஸ்வரி பாடிய 'கோழி ஒரு கூட்டிலே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டி பத்மினிக்கான குரல், நர்சரி ரைம் போல எளிய மெட்டு, ஒரு ஆபாசச் சொல் கிடையாது. குழந்தைகளுக்குக் கோழி, சேவல், குஞ்சு வேஷம் போட்டால் மேடை நிறைந்துவிடும். ஆனால் படத்தில் அது, பிரிந்துபோன அப்பா அம்மாவுக்கு நடுவில் நிற்கிற குழந்தையின் பாட்டு. கோழியும் சேவலும் வெவ்வேறு கூட்டில். குஞ்சு அல்லாடுகிறது. முப்பது பேர் ஆடுகிற வகுப்பில் அதே நிலைமையில் ஒரு குழந்தை இருக்கலாம். அதைக் குஞ்சு வேஷத்தில் சிரித்தபடி ஆடச் சொல்வது என்ன நியாயம்? அருமையான பாட்டுதான். ஆனால் அதற்குரிய இடம் டான்ஸ் ஐட்டம் இல்லை.

ஆகவே என் பரிசோதனை எளியது. மெட்டை மறந்துவிட்டு முழுப் பாட்டையும் வசனம் போல வாய்விட்டுப் படியுங்கள். இதை ஒரு குழந்தை தானாகவே சொல்லுமா என்று கேட்டுப் பாருங்கள். 1992-ல் வந்த 'ரோஜா'வில் வைரமுத்து எழுதிய 'சின்னச் சின்ன ஆசை' இதில் பாஸாகிறது. பாடுகிறவள் வளர்ந்த பெண்தான். ஆனால் நாற்று நடுவதும், மீனைப் பிடித்துத் திரும்ப ஆற்றில் விடுவதும் எந்தக் குழந்தைக்கும் வரக்கூடிய ஆசைகள். 1990-ல் வந்த 'அஞ்சலி'யில் இளையராஜா பல பாட்டுகளைக் குழந்தைகளையே கோரஸாகப் பாட வைத்தார். அங்கே குரலுக்கும் ஆடுகிறவருக்கும் வயசு வித்தியாசமே இல்லை.

எனக்குப் பிடித்த தேர்வு 'மின்சாரக் கனவு' (1997) படத்தின் 'பூ பூக்கும் ஓசை'. ரஹ்மான் இசை, வைரமுத்து பாட்டு. முழுக்க ஓசைகளைப் பற்றியது. ராத்திரிக் கடிகாரம், தூரத்து ரயில், பசி நேரத்தில் அடுப்பங்கரைத் தாளிப்பு. காதலன் வரவே இல்லை. ஒவ்வொரு ஓசையும் ஒரு அசைவு என்பதால் டான்ஸ் மாஸ்டருக்குப் பாதி வேலை மிச்சம். இருபத்துநாலு குழந்தைகள் என்றால் எட்டெட்டாகப் பிரியுங்கள். ஒரு குழு பெண்டுலம், ஒரு குழு ரயில், ஒரு குழு எண்ணெயில் வெடிக்கிற கடுகு. அவரவர் வரி வரும்போது அவரவர் முன்னால் வரட்டும், மற்றவர்கள் தாளம் தட்டட்டும். வரிசை மாறுவதை வாத்திய இசையில் வைத்துக்கொள்ளுங்கள். பாடும் வரிகளில் வைத்தால் வரியும் போகும், வரிசையும் போகும்.

அடுத்தது நீளம். சினிமாப் பாட்டை முழுசாகப் போட்டால் சின்னக் குழந்தைகள் பாதியில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து ஆட ஆரம்பித்துவிடும். எல்.கே.ஜி.க்கு இரண்டு நிமிஷம், மூன்றாம் வகுப்புக்கு மூன்று நிமிஷம் தாராளம். வெட்டும்போது முதல் சரணம் முடிந்து பல்லவி திரும்புகிற இடத்திலிருந்து நேரே கடைசிப் பல்லவிக்குத் தாவுங்கள். ஒட்டின இடம் சரியா என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். பாட்டோடு கை தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டில் உங்கள் கைதட்டல் தடுமாறினால் மேடையில் இருபத்துநாலு ஜோடிக் கால்களும் தடுமாறும்.

வெட்டுவதில் ஒரு தப்பான உபயோகமும் உண்டு. விரசமான சரணத்தை மட்டும் நீக்கிவிட்டு அதே பாட்டைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேடையில் வராத சரணம் வீட்டு டி.வி.யில் வரும். 'நம்ம பாட்டு!' என்று குழந்தை ஓடிவந்து மிச்சத்தையும் மனப்பாடம் பண்ணிவிடும்.

உங்கள் வீட்டுக் குழந்தை ரிகர்சல் முடிந்து வந்தால் டிரெஸ்ஸுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எந்தப் பாட்டு என்று கேளுங்கள். இரண்டாவது சரணத்தைத் தேடிப் படியுங்கள். சங்கடமாக இருந்தால் மறுநாளே டீச்சரிடம் சொல்லுங்கள். விழாவுக்கு மூன்று வாரம் முன்பு என்றால் பாட்டை மாற்றலாம். டிரெஸ் தைத்த பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள்.