முகாம் சென்ற மாணவரின் வருகைக் கணக்கு: ஒரு கோரிக்கைக் கடிதத்தின் வலிமையும் குறையும்

நாட்டு நலப்பணித் திட்டத்தின் தேசிய அளவிலான முகாமுக்குக் கல்லூரியின் சார்பில் அனுப்பப்பட்ட மாணவர் வகுப்பில் இல்லாதிருந்த நாள்களை வருகை நாள்களாகவே கணக்கிட வேண்டும் என்று கோரும் கடிதம், தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் அலுவலகக் கோப்புகளில் ஆண்டுதோறும் சேர்ந்துவருகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் இதனை ‘ஓ.டி. கடிதம்’ என்பர், கல்லூரிப் பணியின் பொருட்டு வெளியே சென்றிருந்தார் என்பதைக் குறிக்கும் ‘ஆன் டூட்டி’ என்பதன் சுருக்கமே ஓ.டி. ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும் இக்கடிதம் அந்த மாணவர் பருவத் தேர்வு எழுதலாமா, கூடாதா என்பதையே தீர்மானிக்கக்கூடியது என்பதால், அது எதைச் சரியாகச் செய்கிறது, எங்கே தவறுகிறது என்று ஆராய்வது தேவையாகிறது.

1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டுப் பணி ஆற்ற வேண்டும் என்பது விதி. அதனுடன் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றும் உண்டு. இம்முகாம் தத்தெடுத்த சிற்றூரில் நடப்பது. கல்லூரியின் அணி மொத்தமாகச் செல்வது. பெரும்பாலும் விடுமுறையை ஒட்டியே வைக்கப்படுவது. ஆகவே அதில் வருகைச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. தேசிய முகாமின் நிலை வேறு. தேசிய ஒருமைப்பாட்டு முகாமுக்கோ, புதுதில்லியில் ஜனவரி மாதம் முழுவதும் நடைபெறும் குடியரசு நாள் அணிவகுப்பு முகாமுக்கோ ஒரு கல்லூரியிலிருந்து ஒருவர் அல்லது இருவரே தேர்வாகின்றனர். அவர் இல்லாத வகுப்பில் பாடம் வழக்கம்போல் நடக்கிறது, உள்மதிப்பீட்டுத் தேர்வு நடக்கிறது, வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்ற குறி விழுகிறது. அந்தக் குறியைத் திருத்துவதற்குத்தான் கடிதம்.

இக்கடிதத்தின் முதன்மையான வலிமை, பொறுப்பு யாருடையது என்பதை அது எழுத்தில் நிறுவுவதில் உள்ளது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அதற்குச் சற்றுக் கீழே நிற்பவர்கள் தக்க காரணம் காட்டிக் கட்டணம் செலுத்தினால் குறையைப் பொறுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் ‘கண்டொனேஷன்’ என்பர். கண்டொனேஷன் மாணவரின் குறையை மன்னிப்பது, ஓ.டி. கடிதமோ குறையே இல்லை என்று வாதிடுவது. கல்லூரி தேர்ந்தெடுத்து, கல்லூரி அனுப்பி, கல்லூரியின் பெயரைச் சுமந்து நின்ற ஒருவர் அந்நாள்களில் கல்லூரிப் பணியில்தான் இருந்தார் என்பதே அதன் அடிப்படை. இந்த வேறுபாடு மங்கும்போது மாணவர் இருமுறை இழக்கிறார். கல்லூரி ஏவிய பணிக்காக அவரே கட்டணம் கட்டுகிறார். பின்னர் உண்மையாகவே நோயுற்றால் பயன்படவேண்டிய சலுகையையும் முன்கூட்டியே செலவழித்துவிடுகிறார்.

இவ்வளவு வலுவான அடிப்படை இருந்தும், நடைமுறையில் எழுதப்படும் கடிதங்கள் பெரும்பாலும் விடுப்பு விண்ணப்பத்தின் அச்சிலேயே அமைந்துவிடுகின்றன. அனுப்புநர் இடத்தில் மாணவர் பெயர், பெறுநர் இடத்தில் முதல்வர், நடுவே கருணை கூர்ந்து வருகை வழங்குமாறு ஒரு வேண்டுகோள், கீழே திட்ட அலுவலரின் மேலொப்பம் என்பதே வழக்கமான வடிவம். கல்லூரியில் நலப்பணி அணிக்குப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியரே திட்ட அலுவலர். அனுப்பியவர் அவர், அனுப்பப்பட்டவர் மாணவர். அனுப்பியவர் எழுதவேண்டிய கடிதத்தை அனுப்பப்பட்டவர் எழுதும்போது, கல்லூரியின் கடமை மாணவரின் மன்றாட்டாக உருமாறுகிறது. முதல்வர் அதை ஏற்றாலும் துறைத்தலைவர் ஒருவர் தம் பாடத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்ற நிலை இதனாலேயே உண்டாகிறது. வேண்டுகோளை மறுக்கலாம், பணி ஆணையை அவ்வாறு மறுக்க இயலாது.

கடிதத்தின் மிகப் பெரிய குறை, அது கணக்கைப் பற்றி மௌனமாக இருப்பது. ‘வருகை வழங்குக’ என்று மட்டும் எழுதினால் அலுவலகம் அதை இரண்டு விதமாகச் செயல்படுத்தலாம். முகாம் நாள்களை மாணவர் வந்த நாள்களோடு கூட்டுவது ஒரு முறை. அந்நாள்களை மொத்த வேலை நாள்களிலிருந்தே கழித்துவிட்டு, எஞ்சிய நாள்களில் அவர் எத்தனை நாள் வந்தார் என்று பார்ப்பது இன்னொரு முறை. இரண்டும் ஒன்றே என்று தோன்றினாலும் விடை வேறாகும். 90 வேலை நாள்கள் கொண்ட ஒரு பருவத்தில், பொங்கல் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமைகள் போன்றவை நீங்கலாக 20 வேலை நாள்களைத் தில்லி முகாமிலும் பயணத்திலும் செலவிட்ட ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். எஞ்சிய 70 நாள்களில் அவர் 50 நாள் வகுப்புக்கு வந்துள்ளார். கடிதமே இல்லையென்றால் அவர் வருகை 90-க்கு 50, அதாவது 55.6 விழுக்காடு. கூட்டும் முறையில் 90-க்கு 70 என்றாகி 77.8 விழுக்காடு கிடைக்கிறது. அவர் தேர்வு எழுதலாம். கழிக்கும் முறையில் 70-க்கு 50, அதாவது 71.4 விழுக்காடு, கண்டொனேஷன் இல்லாமல் அவர் தேர்வு எழுத முடியாது. ஒரே மாணவர், ஒரே முகாம், ஒரே கடிதம். ஆனால் முடிவை எழுத்தரின் வழக்கம் தீர்மானிக்கிறது.

எந்த முறை நியாயம் என்ற கேள்விக்கு விதியின் நோக்கத்தைக் கொண்டுதான் விடை காண வேண்டும். 75 விழுக்காடு விதி, 90 நாள் பருவத்தில் எந்த மாணவருக்கும் 22 நாள் வரை வராமலிருக்க இடம் தருகிறது. கூட்டும் முறை முகாம் சென்றவருக்கும் அதே 22 நாளை விட்டுவைக்கிறது. கழிக்கும் முறை அதை 17 நாளாகச் சுருக்குகிறது. முகாமுக்குப் போனதற்காக அவருடைய உரிமையில் ஐந்து நாள் குறைந்துபோகிறது. முகாம் கல்லூரிப் பணி என்பதை ஒப்புக்கொண்ட பின் இந்தச் சுருக்கத்துக்கு நியாயம் சொல்ல முடியாது என்பதால், வருகையைப் பொறுத்தவரை கூட்டும் முறையே சரியானது. எனினும் கழிக்கும் முறையின் பின்னால் உள்ள கவலையைத் தள்ளிவிட முடியாது. மேற்கண்ட மாணவர் உண்மையில் பாடம் கேட்டது 50 நாள் மட்டுமே; 77.8 என்ற எண் அதை மறைத்துவிடுகிறது.

இங்குதான் இந்த நடைமுறையின் ஆழமான குறை வெளிப்படுகிறது. வருகைப் பதிவு கற்றலுக்கு ஓர் அடையாளமாக வைக்கப்பட்டது. அடையாளத்தை ஈடுசெய்யும் கடிதம், இழந்த கற்றலைப் பற்றி ஒரு வரிகூடப் பேசுவதில்லை. கோட்பாட்டுப் பாடத்தை நண்பரின் குறிப்பேட்டைப் பார்த்து ஓரளவு எட்டிப்பிடிக்கலாம். ஆய்வக வகுப்பை அப்படிப் பிடிக்க முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் செய்முறை வகுப்பு என்றால் ஒரு மாத முகாமில் நான்கு சோதனைகள் போய்விடும். பதிவேட்டில் அந்த நான்கு நாளும் ‘வந்தார்’ என்றிருக்க, செய்முறைக் குறிப்பேட்டில் நான்கு இடங்கள் வெறுமையாக இருக்கும், அல்லது செய்யாத சோதனையின் அளவீடுகள் பிறர் ஏட்டிலிருந்து ஏறியிருக்கும். இரண்டாவது நிலை முதலாவதைவிடக் கேடானது. பிறருக்குத் தொண்டாற்றப் பயிற்றுவிக்கும் திட்டமே அதன் சிறந்த மாணவரைப் பொய்யளவு எழுதும் நிலைக்குத் தள்ளுவதைக் கல்லூரிகள் பொருட்படுத்தாமல் விடலாகாது. உள்மதிப்பீட்டுத் தேர்வும் இத்தகையதே. வருகை கிடைத்தாலும், தவறிய தேர்வுக்கு மாற்றுத் தேதி கடிதத்தில் கேட்கப்படாவிட்டால் அந்த மதிப்பெண் சுழியமாகவே நின்றுவிடலாம்.

தேதிகளிலும் கடிதங்கள் இடறுகின்றன. முகாம் நாள், பயண நாள், வேலை நாள் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. ஏழு நாள் ஒருமைப்பாட்டு முகாம் வடகிழக்கு மாநிலம் ஒன்றில் நடந்தால் ரயில் பயணத்துக்கே போகவும் வரவும் நான்கு நாளுக்குக் குறையாது. பங்கேற்புச் சான்றிதழோ ஏழு நாளை மட்டும் சொல்லும். கடிதம் பதினொரு நாள் கோர, சான்றிதழ் ஏழு நாள் காட்ட, சரிபார்ப்பவர் நான்கு நாளை வெட்டிவிடுவது இயல்பு. பயணச்சீட்டின் நகலை இணைத்தால் இது தீர்ந்துவிடும். திரும்பிய பின் மாணவர் வீட்டில் தங்கிய நாள்களைப் பயணக் கணக்கில் சேர்த்திருந்தால் அதுவும் அந்தச் சீட்டின் தேதியிலேயே தெரிந்துவிடும். வருகை பாடவாரியாகக் கணக்கிடப்படும் கல்லூரிகளில் நாள் எண்ணிக்கை மட்டும் போதாது. எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் தவறியது என்ற பட்டியலும் வேண்டும்.

இவற்றையெல்லாம் கருதினால், திட்ட அலுவலரே முதல்வருக்கு எழுதும் கடிதத்தின் உடற்பகுதி பின்வருமாறு அமையலாம்: “பார்வையில் காணும் தேர்வு ஆணையின்படி நம் கல்லூரியின் சார்பில் அனுப்பப்பட்ட இம்மாணவர், பயணம் உட்பட 20 வேலை நாள்கள் முகாம் பணியில் இருந்தார். இந்நாள்களை அவர் வருகை தந்த நாள்களுடன் கூட்டிக் கணக்கிட ஆணை வழங்கக் கோருகிறேன். இக்காலத்தில் அவர் தவறவிட்ட நான்கு செய்முறை வகுப்புகளையும் ஓர் உள்மதிப்பீட்டுத் தேர்வையும் மாத இறுதிக்குள் நடத்தித்தரத் துறைத்தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.” இதில் கெஞ்சல் இல்லை, கணக்கு முறை தெளிவாக உள்ளது, வருகைக்கு அப்பால் கற்றலும் கோரப்படுகிறது. இதனினும் முக்கியம், இதே செய்தியைக் கூறும் முன்னறிவிப்புக் கடிதம் ஒன்று மாணவர் புறப்படும் முன்பே துறைக்குச் சென்றிருப்பது. அப்போதுதான் ஆய்வக அட்டவணையைத் துறை மாற்றியமைக்க முடியும். திரும்பிய பின் வரும் கடிதத்தால் பதிவேட்டைத்தான் திருத்த முடியும்.

எவ்வளவு நன்றாக எழுதினாலும் இந்த நடைமுறை எட்டாத ஒரு கூட்டமும் இருக்கிறது. தில்லி முகாமுக்கு முன், மண்டல அளவில் பத்து நாள் தேர்வு முகாம் ஒன்று நடைபெறுகிறது; அது பெரும்பாலும் ஒற்றைப் பருவத்தின் பிற்பகுதியில் வருவதால், தில்லி செல்பவர் இரு வேறு பருவங்களில் வகுப்புகளை இழக்கிறார். ஜனவரிக் கடிதம் இரட்டைப் பருவத்தை மட்டும் காக்கிறது. முந்தைய பருவத்துக்குத் தனிக் கடிதம் வேண்டும் என்பது பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அத்தேர்வு முகாமில் பத்து நாளும் அணிநடை பயின்று, இறுதிப் பட்டியலில் இடம்பெறாமல் திரும்பும் மாணவரின் நிலை இன்னும் கடினம். கல்லூரி அவரையும் ஆணை தந்தே அனுப்பியது, அவரும் அதே வகுப்புகளை இழந்தார். ஆனால் பாராட்டு விழாவுக்குரிய செய்தி இல்லாததால் அவருக்காகக் கடிதம் எழுத யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. தில்லி சென்றவருக்கு உரிய அதே வருகை, அதே காரணத்தால், அவருக்கும் உரியது. பயண ஆணை வழங்கும் நாளிலேயே வருகைக் கடிதத்தையும் சேர்த்துக் கையொப்பமிடுவதைத் திட்ட அலுவலர்கள் வழக்கமாக்கிக்கொண்டால், தேர்வானவர், தேர்வாகாதவர் என்ற பேதம் பதிவேட்டுக்குள் நுழைய வழியிராது.