மாற்ற முடியாத பழைய கணினியும் இடர்ப் பதிவேடும்

விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. ஆனால் அதில் ஓடும் தொழிற்சாலை இயந்திரங்கள் நின்றுவிடவில்லை. ஜெலாப்பாங் போன்ற தொழிற்பேட்டை ஒன்றில் இருக்கும் உலோகப் பாகத் தொழிற்சாலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்குள்ள வெட்டு இயந்திரத்தின் மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது. புதிய இயந்திரத்துக்கு இந்த ஆண்டு பணம் இல்லை. அதனால் இது இடர்ப் பதிவேட்டில் ஏறுகிறது.

பெரும்பாலும் எழுதப்படுவது இதுதான்: “இயங்குதளம் காலாவதியானது; வாய்ப்பு 3, பாதிப்பு 5, மதிப்பெண் 15.” இதில் இரண்டு குறைகள் உள்ளன. காலாவதியானது என்பது நிலைமையே தவிர, நிகழ்வு அல்ல. பெருக்கல் கணக்கும் ஏமாற்றக்கூடியது: அடிக்கடி வரும் நடுத்தரத் தொல்லைக்கும் (5 × 3) எப்போதோ வந்து ஆலையையே நிறுத்தும் விபத்துக்கும் (3 × 5) ஒரே மதிப்பெண்தான். “அலுவலக வலையமைப்பிலிருந்தோ பழுதுபார்ப்பவரின் பென் டிரைவிலிருந்தோ தீநிரல் நுழைந்து, இயந்திரம் சில நாள் நின்றுபோகலாம்” என்று எழுதினால், தடுக்கவேண்டிய வழிகள் அந்த வரியிலேயே தெரிகின்றன.

அந்த வழிகளைக் கொண்டே இடரைக் கையாளும் திட்டம் அமையும். கணினியைத் தனி வலையமைப்பில் வைத்து, உற்பத்திக் கணக்கை ஒரே ஒரு சர்வருக்கு அனுப்ப மட்டும் விடலாம். வெளியிலிருந்து வரும் பென் டிரைவைத் தனிக் கணினியில் சோதித்த பிறகே செருகலாம். வட்டின் முழுப் பிரதியை எடுத்து, அதே வகை மாற்று வட்டில் ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டிப் பார்க்காத பிரதியைப் பாதுகாப்பாகக் கணக்கில் சேர்ப்பது பெரும் தவறு. தனிமைப்படுத்தலையும் இப்படியே சரிபார்க்கவேண்டும்: அலுவலகக் கணினியிலிருந்து அந்த இயந்திரத்தின் 445ஆம் போர்ட்டைத் தொட முயன்றால் தொடர்பு கிடைக்கக் கூடாது.

விதி எழுதியிருந்தால் மட்டும் போதாது என்பதைத் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் 2018 ஆகஸ்டில் கண்டது. புதிய கருவியொன்றில் மென்பொருளை நிறுவும்போது நேர்ந்த தவறால், வானாகிரை தீநிரலின் ஒரு திரிபு வலையமைப்புக்குள் நுழைந்து, திருத்தம் போடப்படாத விண்டோஸ் 7 கருவிகளில் பரவியது. அந்தக் காலாண்டு வருவாயில் ஏறத்தாழ 3 விழுக்காடு பாதிக்கப்படும் என்று நிறுவனம் முதலில் மதிப்பிட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2017 மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. ஆதரவு இருந்த காலத்திலேயே இப்படி நேர்ந்தது என்றால், திருத்தமே வராத கணினிக்கு வாசலில் நடக்கும் சோதனைதான் முதல் காப்பு.

பதிவேட்டின் உண்மையான பலம் மதிப்பெண்ணில் இல்லை. பொறுப்பாளரைக் குறிக்கும் கட்டத்தில் இருக்கிறது. அங்கே கணினிப் பிரிவின் பெயர் இருந்தால் திட்டம் நகராது. இயந்திரம் நின்றால் இழப்பைச் சந்திப்பவர் உற்பத்தி மேலாளர். மாற்று இயந்திரத்துக்குப் பணம் கேட்கக்கூடியவரும் அவரே. இடரை ஏற்றுக்கொள்ளும் கையொப்பத்துக்கு முடிவுத் தேதி வேண்டும், அதுவும் அடுத்த வரவுசெலவுத் திட்டம் தீர்மானமாவதற்கு முன்பாக. தேதியில்லாத கையொப்பம் ஆண்டுதோறும் அப்படியே நகலெடுக்கப்படும். எஞ்சிய இடரின் மதிப்பெண்ணையும் திட்டம் தீட்டிய நாளில் குறைக்கக் கூடாது. போர்ட் சோதனையும் மாற்று வட்டுச் சோதனையும் தேறிய நாளில்தான் குறைக்கவேண்டும்.