நெடுந்திரைக்கும் அகலத்திரைக்கும் நடுவே

1973இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் உருவான ஆல்டோ கணினியின் திரை 606 பிக்சல் அகலமும் 808 பிக்சல் உயரமுமாக, மேசையில் நிமிர்த்தி வைத்த தாளைப் போல நின்றது. படிப்பதும் எழுதுவதும் மேலிருந்து கீழாக ஓடும் வேலைகள் என்பதால் அந்த வடிவம் இயல்பாகவே பொருந்தியது. பிறகு திரைகள் அகன்றன. இப்போது அகலத்திரை ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு மானிட்டரைத் தொண்ணூறு பாகை திருப்பி நெடுந்திரையாக நிறுத்தும் வழக்கம் நிரல் எழுதுவோர், மெய்ப்புத் திருத்துவோர், கணக்கர்கள் எனப் பலரிடமும் பரவியிருக்கிறது. ஆல்டோவுக்கு இல்லாத ஒரு சிக்கல் இதில் உண்டு. ஒரு திரையிலிருந்து மறு திரைக்குக் கர்சர் கடந்து போகவேண்டும். இந்த ஏற்பாடு ஒருவருக்குப் பொருந்துமா என்பதை அந்தக் கடப்புதான் பெரிதும் தீர்மானிக்கிறது.

முதலில் வரவு. 24 அங்குல 1920×1080 மானிட்டரைத் திருப்பினால் 1920 வரிசை உயரம் கிடைக்கும். ஒரு வரிக்கு 20 பிக்சல் என்று வைத்தால் 96 வரிகள். அதே மானிட்டர் படுத்திருந்தால் 54 வரிகள்தான். நீண்ட ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தை முழுதாகக் காணவும், ஒரு பிழையின் காரணத்தை அறுபது வரி மேலே போய்த் தேடாமல் அங்கேயே பிடிக்கவும் இது உதவும். ஆனால் முதன்மைத் திரை 27 அங்குல 2560×1440 வகையாக இருந்தால் அதிலேயே 72 வரிகள் தெரியும். அப்போது நெடுந்திரை கூடுதலாகத் தருவது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. அதற்கு ஈடாக அகலம் 1080 பிக்சலாகச் சுருங்குகிறது. அகன்ற விரிதாளை அதில் திறந்தால் பாதிப் பத்தி வெளியே நிற்கும்.

இனிச் செலவு. இந்த இரு மானிட்டர்களையே எடுத்துக்கொள்வோம்: 27 அங்குல அகலத்திரை நடுவில், 24 அங்குல நெடுந்திரை அதற்கு இடப்பக்கம். அகலத்திரையின் காட்சிப்பரப்பு 33.6 செ.மீ. உயரம், அதில் 1440 வரிசைகள். நெடுந்திரை 53.1 செ.மீ. உயரம், அதில் 1920 வரிசைகள். அதாவது அகலத்திரையில் செ.மீ. ஒன்றுக்கு ஏறக்குறைய 43 வரிசைகள், நெடுந்திரையில் 36. மேசையில் நெடுந்திரையின் மேல் விளிம்பு மற்றதைவிட 11.5 செ.மீ. உயரத்திலும், கீழ் விளிம்பு 8 செ.மீ. தாழ்ந்தும் இருக்கிறது என்று கொள்வோம்.

இயங்குதளத்துக்குச் செ.மீ. கணக்கு தெரியாது. விண்டோஸ் இரண்டு திரைகளையும் ஒரே பெரிய பிக்சல் கட்டத்தில் ஒட்டிய இரு செவ்வகங்களாகவே பார்க்கிறது. கர்சர் எல்லையைத் தாண்டும்போது அதன் வரிசை எண் மாறுவதில்லை. இரு செவ்வகங்களின் மேல் விளிம்புகளும் ஒரே மட்டத்தில் இருப்பதாக அமைப்பில் இருந்தால், அகலத்திரையின் நடுவிலுள்ள 720ஆம் வரிசையிலிருந்து இடப்பக்கம் போகும் கர்சர், நெடுந்திரையின் 720ஆம் வரிசையில் வெளிப்படும். கண்ணுக்கு நேரே அங்கே இருப்பதோ ஏறக்குறைய 1023ஆம் வரிசை. கர்சர் 8.4 செ.மீ. மேலே துள்ளிவிடும். கை ஒரு நேர்கோட்டில்தான் போனது. கர்சரை எங்கே என்று கண் தேடவேண்டியிருக்கிறது.

இதற்கு வழக்கமான மருந்து, விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் இருக்கும் செவ்வகங்களை மவுஸால் இழுத்து, மேசையில் இருப்பதுபோல் மேலும் கீழுமாக நகர்த்தி வைப்பது. நம் கணக்கில் அகலத்திரையை 303 வரிசை கீழே இறக்கினால் நடுவரிசைகள் இரண்டும் நேராகிவிடும். லினக்ஸின் எக்ஸ்11 சூழலில் இதை எண்ணாலேயே சொல்லலாம்:

```
xrandr --output HDMI-1 --mode 1920x1080 --rotate left --pos 0x0 \
       --output DP-1 --mode 2560x1440 --pos 1080x303
```

வெளியீட்டுப் பெயர்கள் கணினிக்குக் கணினி மாறும். மானிட்டரை மறுபக்கம் திருப்பியிருந்தால் `left` இடத்தில் `right` வரும். விண்டோஸில் எண் இட முடியாமல் குத்துமதிப்பாக இழுத்தவர்கள் சரிபார்க்க எளிய வழி உண்டு. ஒரு சிறு சாளரத்தை இரு திரைக்கும் நடுவில் பாதி பாதியாக நிறுத்தி, அதன் தலைப்புப் பட்டையைப் பாருங்கள். பட்டை ஒடியாமல் நேர்கோடாகத் தெரிந்தால் அந்த உயரத்தில் கடப்பு சரி.

அந்தச் சாளரத்தை அப்படியே மேலே நகர்த்தினால் பட்டை ஒடியத் தொடங்கும். நடுவில் நேராக இருந்தது உச்சியில் 3.1 செ.மீ. விலகும், அடிவிளிம்பிலும் எதிர்த்திசையில் அதே அளவு. இழுத்ததில் வந்த தவறல்ல இது. அகலத்திரையின் 1440 வரிசைகள் மேசையில் 33.6 செ.மீ. இடத்தைப் பிடிக்கின்றன, அதே நீளத்தில் நெடுந்திரையில் 1214 வரிசைகளே அடங்கும். செவ்வகத்தை நகர்த்த முடியுமே தவிர நீட்டிச் சுருக்க முடியாது. ஆகவே இரு திரைகளும் ஒரே ஒரு கோட்டில்தான் சரியாகப் பொருந்தும். மேல் விளிம்பைப் பொருத்தினால் மொத்த விலகலும் அடியில் சேர்ந்து 6 செ.மீ. தாண்டும். நடுவைப் பொருத்தினால் அது இரண்டாகப் பிரியும். இந்த ஏற்பாட்டைப் பற்றிய பல குறிப்புகள் ‘மேசையில் இருப்பதுபோல் வையுங்கள்’ என்று சொல்லி நின்றுவிடுகின்றன. அடர்த்தி வேறுபட்ட இரு திரைகளை மேசையில் இருப்பதுபோல் வைக்கவே முடியாது. எந்தக் கோட்டைக் காப்பாற்றுவது என்று தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும். அது பெரும்பாலும் கண் பழகிய, சாளரங்களை அதிகம் இழுத்துச் செல்லும் உயரமாக இருக்கவேண்டும். விளிம்பாக இருக்கத் தேவையில்லை.

அகலத்திரை 4கே வகையாக இருந்தால் முரண் இன்னும் கூடும். அதன் உயரம் அதே 33.6 செ.மீ.தான், வரிசைகளோ 2160. மேசையில் ஓங்கி நிற்கும் நெடுந்திரை, விண்டோஸின் கணக்கில் 240 வரிசை குட்டையாகிவிடுகிறது. எழுத்தை 150 விழுக்காடு பெரிதாக்கி வைத்தாலும் விண்டோஸில் கர்சரின் கடப்பு உண்மைப் பிக்சலிலேயே நடப்பதால் பயனில்லை. மேக் கணினியும் லினக்ஸின் வேலண்ட் சூழலும் பெரிதாக்கிய பின் வரும் அளவை வைத்துத் திரைகளை அடுக்குகின்றன. அங்கே 4கே திரையை 200 விழுக்காட்டில் வைத்தால் அது 1080 வரிசையாக எண்ணப்பட்டு, விலகல் பெரிதும் குறையும்.

அடுத்தது சுவர். நம் அமைப்பில் நெடுந்திரையின் வலது விளிம்பில் மேலே 303 வரிசையும் கீழே 177 வரிசையும் எதையும் தொடுவதில்லை. அங்கிருந்து வலப்பக்கம் தள்ளினால் கர்சர் முட்டி நிற்கும். திரை உறைந்துவிட்டதோ என்று முதலில் தோன்றுவது இந்த இடத்தில்தான். விண்டோஸ் 11இல் இதற்காகவே ‘Ease cursor movement between displays’ என்ற தேர்வு உண்டு. அதை இயக்கினால் சுவரில் முட்டிய கர்சர் அருகிலுள்ள இடம் வழியாக அடுத்த திரைக்குள் நுழைந்துவிடும்.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கிவிடலாமா? சுவர் எப்போதும் தடை அல்ல. முழுத்திரையாக விரித்த சாளரத்தை மூடும் பொத்தான் விண்டோஸில் வலது மேல் மூலையில் இருக்கிறது. விளிம்பு கர்சரைத் தடுத்து நிறுத்துவதால்தான் அந்த மூலைக்குக் குறி பார்க்காமல் மவுஸை வீசிவிட முடிகிறது. நெடுந்திரையின் மூலையைக் காப்பது மேலே சொன்ன அந்த 303 வரிசைச் சுவரே. தேர்வை இயக்கினால் அந்தக் காவல் போய்விடும்; பொத்தானைத் தாண்டிய கர்சர் பக்கத்துத் திரைக்குப் போய்விடும். நெடுந்திரையில் சாளரங்களை அடிக்கடி மூடித் திறப்பவர் தேர்வை அணைத்து வைப்பதே நல்லது.

நெடுந்திரை எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதற்கும் இதுவே விடை தருகிறது. அதை வலப்பக்கம் வைத்தால் அகலத்திரையின் வலது விளிம்பு முழுவதும் திறந்துவிடும். மூடும் பொத்தானும் உருட்டுப்பட்டையும் காவலின்றி நிற்கும். இடப்பக்கம் வைத்தால் திறக்கும் விளிம்பில் இழக்க அதிகமில்லை. மேக்கில் ஆப்பிள் மெனுவும் மூடும் பொத்தானும் இடது மேல் மூலையில் இருப்பதால் அங்கே இது தலைகீழ். சன்னல் வெளிச்சத்தையும் மேசை இடத்தையும் பார்த்துப் பக்கத்தைத் தீர்மானிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

விலகலை முழுக்கப் போக்க வழியே இல்லையா? இரண்டு உண்டு. விண்டோஸுக்கு லிட்டில் பிக் மவுஸ் என்ற திறமூலச் செயலி, திரைகளின் செ.மீ. அளவைக் கொண்டு கடப்பைக் கணக்கிட்டுத் தருகிறது. எக்ஸ்11இல் நெடுந்திரைக்கு 1.185 என்ற பெருக்கத்தைக் கொடுத்து இரு அடர்த்திகளையும் சமமாக்கலாம். முதலாவதற்குப் பின்னணியில் ஒரு செயலி எப்போதும் ஓடவேண்டும். இரண்டாவதில் எழுத்து மங்கும். படிப்பதற்கென்று நிறுத்திய திரையில் எழுத்து மங்குவது முதலுக்கே நட்டம். ஏற்கெனவே திருப்பிய திரையில் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்பிக்சல்கள் பக்கவாட்டில் இல்லாமல் மேலும் கீழுமாக அமைந்துவிடுவதால், விண்டோஸின் கிளியர்டைப் எழுத்துகளின் ஓரத்தில் மெல்லிய நிறக்கசிவு தெரிவதுண்டு.

செயலி எதுவும் வேண்டாத தீர்வு வாங்கும்போதே கிடைக்கிறது: இரண்டும் ஒரே அளவு, ஒரே பிக்சல் எண்ணிக்கை. இரண்டு 24 அங்குல 1080 திரைகள் என்றால் அடர்த்தி ஒன்றே. மேல் விளிம்புகளின் இடைவெளியை அளந்து 36ஆல் பெருக்கி அந்த அளவு இறக்கினால், எல்லா உயரத்திலும் கர்சர் நேராகக் கடக்கும்.

பழைய மானிட்டரைத் திருப்பிப் புதியதன் பக்கத்தில் நிறுத்துபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆவணத்தையோ பதிவேட்டையோ நெடுந்திரையில் திறந்துவைத்து, பெரும்பாலும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்பவருக்கு 3 செ.மீ. விலகல் ஒரு பொருட்டல்ல; வரவே மிகுதி. நாள் முழுக்க இரு திரைக்குமிடையே சாளரங்களை இழுத்துப் போடுபவர் ஒவ்வொரு கடப்பிலும் அந்த விலகலைச் சுமக்கவேண்டும். அவருக்கு 1440 வரிசைத் திரையின் 72 வரிகளே போதும். திருப்பி வைத்த மானிட்டரைப் படுக்கவைத்துவிடலாம்.