உறையை அனுப்பியது யார்?

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் 2008 செப்டம்பர் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் காட்டப்பட்டிருந்தது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம், அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர் பாக்கி வசூலாகுமா, கட்டடத்தின் மதிப்பு என்ன என்பதிலெல்லாம் இரண்டு கருத்து இருக்கலாம். வங்கியில் பணம் இருக்கிறதா என்பது அப்படியல்ல, கேட்டால் தெரிந்துவிடும். தணிக்கையிலேயே எளிதான அந்த வேலை எப்படித் தவறியது?

பதில் ஓர் உறைக்குள் இருக்கிறது. இருப்பை உறுதிசெய்யும்படி வங்கிக்கு எழுதும் கடிதத்தை ஆடிட்டரே அனுப்ப வேண்டும், பதிலும் அவருக்கே வர வேண்டும். சத்யத்தில் ஆடிட்டர்கள் இந்த இரண்டையும் நிர்வாகத்தின் கையில் விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பு 2011-ல் குற்றம் கண்டது. அதைவிட உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. சில வங்கிகள் நேரடியாக அனுப்பிய பதில்களில் டெபாசிட் தொகை மிகக் குறைவாக இருந்தது. முரண் கையில் இருந்தும் யாரும் துருவவில்லை.

தொழில்முறை ஐயம் என்பது கேள்வி கேட்கும் மனப்பாங்கு என்கிறது இந்தியத் தணிக்கைத் தரநிலை 200. வரையறையின் பலம் இதுதான்: நிர்வாகத்தைத் திருடர் என்றும் கொள்ளாதே, உத்தமர் என்றும் கொள்ளாதே என்று நடுவில் நிறுத்துகிறது. பலவீனமும் இதுதான். மனப்பாங்குக்குத் தடயம் கிடையாது. எந்தக் குழுவைக் கேட்டாலும் 'சந்தேகத்தோடுதான் பார்த்தோம்' என்றே சொல்லும், அதை நம்பியும் சொல்லும்.

மனம் ஏமாறும் வழிகளில் இரண்டு முக்கியம். ஒன்று, நம்பியதை உறுதிசெய்யும் சான்றை மட்டும் தேடுவது. சத்யம் 2008-ல் நல்ல நிர்வாகத்துக்கென 'தங்க மயில்' விருது வாங்கிய நிறுவனம். அப்படிப்பட்ட இடத்தில் ஒத்துப்போகாத வங்கிக் கடிதம் கிளைக்காரரின் பிழையாகத்தான் தோன்றும். இன்னொன்று, முதலில் பார்த்த எண்ணில் நங்கூரமிடுவது. ஆர்ட்டிகிள் பையன் போன வருஷக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இந்த வருஷ வேலையைத் தொடங்குகிறான். போன வருஷம் சரியாக இருந்தது இந்த வருஷமும் சரியாகத்தான் தெரியும்.

இதற்கு மாற்று அறிவுரை அல்ல, பழக்கம். நான் பெரிதும் மதிப்பது, நிறுவனத்தின் எண்ணைப் பார்ப்பதற்கு முன் நம் கணிப்பைத் தாளில் எழுதிவிடுவது. ஒரு நிறுவனம் 100 கோடி ஃபிக்ஸட் டெபாசிட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 7 கோடி வர வேண்டும். வங்கி 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தால், வருமான வரித்துறையின் 26AS படிவத்தில் சுமார் 70 லட்சம் தெரிய வேண்டும். அங்கே 14 லட்சம்தான் இருந்தால்? பின்னோக்கிக் கணக்கிட்டால் வட்டி 1.4 கோடி, டெபாசிட் 20 கோடி. மீதி 80 கோடி ஆண்டின் கடைசியில் போட்டதாக இருக்கலாம். டெபாசிட் ரசீதின் தேதி அதைச் சொல்லிவிடும். வித்தியாசம் உடனே மோசடி ஆகிவிடாது. ஆனால் கணிப்பை முன்பே எழுதியவர் அதற்கு விளக்கம் தேடியே ஆக வேண்டும். எழுதாதவர் 14 லட்சத்தையும் 'இருக்கலாம்' என்று கடந்துவிடுவார்.

பழக்கங்களுக்கும் ஓட்டை உண்டு. ஜெர்மனியின் வயர்கார்ட் 2020-ல் கவிழ்ந்தபோது 190 கோடி யூரோவைக் காணவில்லை. அந்தப் பணத்துக்கான சான்றுகள் பணத்தைப் பராமரிப்பதாகச் சொல்லப்பட்ட அறங்காவலர் வழியாக வந்தவை. கடைசியில் பிலிப்பைன்ஸின் இரண்டு வங்கிகள், அந்த ஆவணங்கள் போலி என்றன. பதில் எழுதுபவருக்கு அதைச் சொல்லும் தகுதி உண்டா என்று கேட்காவிட்டால், உறையை நாமே தபாலில் சேர்த்தும் பயனில்லை.

இதைவிட ஆழமான தடை அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது. கூடுதலாக இரண்டு நாள் துருவி ஒன்றும் கிடைக்காமல் வரும் உதவியாளரை மேலாளர் குறைவாக மதிப்பிடுகிறார் என்று தணிக்கை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே துருவலில் தவறு சிக்கியிருந்தால் பாராட்டு. உழைப்பும் காரணமும் ஒன்றே, விளைவுதான் வேறு. ஆனால் பெரும்பாலான துருவல்களில் ஒன்றும் சிக்காது, ஏனென்றால் பெரும்பாலான கணக்குகள் சரியானவை. ஒரே ஒரு முறை இப்படித் திட்டு வாங்கிய பையன், அடுத்த ஆண்டு 14 லட்சத்தைப் பார்த்ததும் மேலாளர் அறைக் கதவைத் தட்டுவானா?