வரிவிலக்குக்கு என்ன விலை?

2020 ஆகஸ்டில், பெருந்தொற்று நெருக்கடியின் நடுவே, மலேசிய அரசு பொதுமக்களிடம் நேரடியாகக் கடன் கேட்டது. சுக்கூக் பிரிஹாத்தின் என்று அதற்குப் பெயர். குறைந்தது 500 ரிங்கிட் போடலாம். இரண்டு ஆண்டுத் தவணை, ஆண்டுக்கு 2 விழுக்காடு லாபம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் வந்து சேரும். 50 கோடி ரிங்கிட் எதிர்பார்த்த இடத்தில் 66 கோடிக்கு மேல் திரண்டது. ஜார்ஜ்டவுனில் எனக்குத் தெரிந்த சிலரும் வாங்கினார்கள். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால், நாட்டுக்கு உதவி என்பதோடு சேர்த்து அவர்கள் சொன்ன காரணம், “வரி கிடையாது சார்” என்பதுதான்.

உதவி என்ற காரணத்தை நான் மதிக்கிறேன். இரண்டாவது காரணம்தான் கணக்கில் நிற்கவில்லை. 5,000 ரிங்கிட் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு 25 ரிங்கிட் வந்தது. அதில் வரி இல்லை, உண்மைதான். ஆனால் அதே 5,000 ரிங்கிட்டை பீச் ஸ்திரீட்டில் உள்ள ஏதாவது ஒரு வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டிருந்தாலும் வரி இருந்திருக்காது. இந்நாட்டில் வசிக்கும் தனிநபருக்கு வங்கி தரும் வட்டிக்கு 2008 ஆகஸ்ட் 30 முதல் வருமான வரி கிடையாது. அதற்கு முன்பும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட, ஓராண்டுக்குக் குறைவான வைப்புகளுக்கு வட்டியில் 5 விழுக்காடு பிடித்தார்கள், அவ்வளவே. எல்லாருக்கும் இலவசமாகக் கிடைப்பதை ஒரு பத்திரம் தனிச் சலுகையாகச் சொல்லும்போது, அதற்காக வட்டியில் ஒரு காசுகூட விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

வரிவிலக்குப் பத்திரத்தின் தத்துவமே விட்டுக்கொடுப்பதில்தான் இருக்கிறது. அரசு குறைந்த வட்டி தருகிறது, வாங்குபவர் அதை ஏற்கிறார், ஏனென்றால் வரி போன பிறகு கையில் நிற்பது வேறிடத்தைவிட அதிகம். ஆகவே அந்த விலக்கின் மதிப்பு, வேறிடத்தில் அவர் கட்டியிருக்கக்கூடிய வரிக்குச் சமம். வரி பூஜ்யமானால் மதிப்பும் பூஜ்யம்.

இந்த ஏற்பாடு முழு வேகத்தில் ஓடியதைப் பார்க்க இந்தியாவுக்குப் போக வேண்டும். அங்கே வங்கி வட்டி, சம்பளத்தோடு சேர்த்து வரிக்கு உட்பட்டது. 2011 முதல் 2016 வரை தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ரயில்வே நிதிக் கழகம், ஹட்கோ போன்ற அரசு நிறுவனங்கள் 10, 15, 20 ஆண்டுத் தவணைகளில் வரியில்லாப் பத்திரங்கள் வெளியிட்டன. 2015 டிசம்பரில் நெடுஞ்சாலை ஆணையம் வெளியிட்டதை எடுத்துக்கொள்வோம். சிறு முதலீட்டாளருக்கு 15 ஆண்டுப் பத்திரத்தில் 7.60 விழுக்காடு. இந்த எண் தற்செயலாக வந்ததல்ல. வரி உள்ள அரசுக் கடன் பத்திரத்தின் வட்டியிலிருந்து 0.55 புள்ளி குறைவாக இருக்க வேண்டும் என்பது உச்சவரம்பு. அப்படியானால் ஒப்பிட வேண்டிய வரியுள்ள வட்டி ஏறத்தாழ 8.15.

சென்னையில் 30 விழுக்காடு வரி வரம்பில் இருந்த ஓர் அதிகாரியை நினைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் தீர்வையோடு அவர் கட்டியது 30.9 விழுக்காடு. 8.15 தரும் பத்திரத்தை வாங்கினால் வரி போக அவர் கையில் நிற்பது 5.63. வரியில்லாப் பத்திரத்தில் 7.60 முழுசாக நிற்கும். ஆக, 0.55 புள்ளியைத் துறந்து, வரியில் 2.52 புள்ளியை மிச்சப்படுத்துகிறார். நிகர லாபம் ஏறத்தாழ 2 புள்ளி, 15 ஆண்டுக்கு, அரசு நிறுவனத்தின் பெயரில். இதை விட்டுவிடுபவர் யார்? வெளியீடுகளுக்குக் கூட்டம் கூடியதில் வியப்பில்லை. 0.55-ஐ 8.15-ஆல் வகுத்துப் பாருங்கள்: 6.7 விழுக்காடு வருகிறது. அதைவிட அதிக வரி கட்டும் எவருக்கும் இந்தப் பத்திரம் ஆதாயம், வரியே கட்டாத ஓய்வூதியருக்கு நஷ்டம். வாங்குமுன் ஒருவர் செய்ய வேண்டிய கணக்கும் இதுதான்: எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோமோ அதை வரியுள்ள வட்டியால் வகுத்து, தன் வரி விகிதத்தோடு ஒப்பிடுவது.

இப்போது அதே பத்திரத்தை அரசின் பக்கமிருந்து பாருங்கள். நெடுஞ்சாலை ஆணையத்துக்கு மிச்சமானது 0.55. கருவூலம் இழந்தது, அந்த அதிகாரி விஷயத்தில், 2.52. சாலைக்கு மானியம் தருவதுதான் நோக்கமென்றால், அந்தப் பணத்தை நேராகச் சாலைக்கே கொடுத்திருக்கலாம். வட்டியில் ஒரே அளவு குறைத்து எல்லாருக்கும் விற்கும்போது, வரி வரம்பு உயர உயர உபரி கூடுகிறது. பெரும்பங்கு உயர் வருமானக்காரரிடம் போய்ச் சேருகிறது. சிறு முதலீட்டாளர் என்ற வரையறை அங்கே பத்து லட்சம் ரூபாய் வரை நீண்டது. ஒரே வெளியீட்டில் பத்து லட்சத்தை 15 ஆண்டுக்கு ஒதுக்கக்கூடியவரைச் சிறு முதலீட்டாளர் என்று நான் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவிலும் இதே விவாதம் நீண்ட காலமாக நடக்கிறது. 1913 வருமான வரிச் சட்டத்திலிருந்தே அங்கே மாநில, நகராட்சிப் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய வரி இல்லை. ஆனாலும் அங்கே ஒரு நியாயமான பலன் உண்டு: ஒரு சிறிய நகரமும் தன் குடிநீர்க் குழாய்க்கும் பள்ளிக்கும் தானே நீண்டகாலக் கடன் திரட்ட முடிகிறது. பினாங்கு மாநிலத்துக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. மலேசிய அரசியலமைப்பின் 111-ஆவது பிரிவின்படி ஒரு மாநிலம் மத்திய அரசிடம்தான் கடன் வாங்கலாம். இல்லையென்றால் அது அங்கீகரிக்கும் நிதி மூலத்திடம், அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு. ஐந்து ஆண்டுக் கடனில் ரயில் பாதை போட முடியாது. முத்தியாரா எல்ஆர்டி திட்டத்தை 2024-இல் மத்திய அரசே கையிலெடுத்ததற்கு இந்தப் பின்னணியும் உண்டு. வரிவிலக்குப் பத்திரத்தின் மிக வலுவான வாதம், ஊருக்கான பணத்தை ஊரே திரட்டுவது, இங்கே எடுபடாமலே போகிறது.

சரி, மலேசிய அரசுப் பத்திரங்களில் தனிநபருக்குத் தரும் விலக்கால் அரசின் கடன் செலவாவது குறைகிறதா? குறைய வழியில்லை. அந்தப் பத்திரங்களைப் பெருமளவில் வாங்குபவர்கள் ஊழியர் சேமநிதி வாரியம், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள். வட்டியை நிர்ணயிப்பது அவர்கள் கேட்கும் விலை. தனிநபரின் பங்கு மிகச் சிறிது. அவருக்கு வரி உண்டா இல்லையா என்பதைப் பார்த்து எந்த ஏலத்திலும் வட்டி இறங்குவதில்லை. மக்களுக்கென்றே வந்த பத்திரங்களில் கதை இன்னும் தலைகீழ். 2004-இல் ஓய்வுபெற்றவர்களுக்காக வந்த மெர்டேக்கா சேமிப்புப் பத்திரம் 5 விழுக்காடு தந்தது. அப்போது ஓராண்டு நிரந்தர வைப்பு ஏறத்தாழ 3.7. அரசு வட்டியையும் கூட்டிக் கொடுத்தது, வரியையும் விட்டது. முதியோருக்கு உதவி என்ற வகையில் அதை நான் வரவேற்கிறேன்.

பினாங்கில் இந்த விலக்கு நிஜமாகவே கணக்கில் வரும் இடம் ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. லெபு பாசாரில் சென்டிரியான் பெர்ஹாட்டாகப் பதிந்து துணிக்கடை நடத்தும் ஒருவர், கடையின் உபரிப் பணத்தை நிறுவனத்தின் பெயரிலேயே வைப்பில் போட்டு வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தனிநபருக்கான விலக்கு நிறுவனத்துக்குக் கிடையாது. 24 விழுக்காடு வரம்பில் இருந்தால், 3 விழுக்காடு வட்டி 2.28 ஆகிவிடும். அதே பணத்தை லாப ஈவாக எடுத்துத் தன் பெயரில் போட்டால் 3-உம் நிற்கும். 2025 முதல், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் ஈவுக்கு 2 விழுக்காடு வரி வந்திருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்கு எவ்வளவு பணம் கையிருப்பு தேவை என்பது தனி விஷயம்.

அந்த 2 விழுக்காடு இன்னொன்றையும் காட்டுகிறது. அதற்கு முன் தனிநபரின் ஈவு முழுக்க வரியில்லாமல் இருந்தது. வட்டிக்கான விலக்கும் ஓர் ஆணையால் வந்தது, இன்னோர் ஆணையால் போகலாம். போனால், அன்று அரசுப் பத்திரத்துக்கு மட்டும் விலக்கு நீடித்தால், அப்போது குறைந்த வட்டியை ஏற்பதா என்று யோசிக்கலாம். அதுவரை, அரசுப் பத்திரம் ஒன்று விற்பனைக்கு வந்தால், வரியில்லை என்ற வரியைத் தாண்டிப் போய், அதன் வட்டியை அன்றைய நிரந்தர வைப்பு வட்டியோடு நேருக்கு நேர் வைத்துப் பாருங்கள். தவணை முடியுமுன் பணத்தை எடுக்க முடியுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.